பத்தாவது எபிசோட்ல அந்தப் பொம்பளை எங்க போறா

எங்க அக்கா போயி நாலு மாசம் கழிச்சுத்தான் லாக்லைன்னா என்னன்னு நான் கத்துக்கிட்டேன். அது வரைக்கும் அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது.

எட்டாவதோட படிப்ப நிப்பாட்டுனவ நான். சிவகாசியில ஒரு டிடிபி சென்டர்ல பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் போட்டுக்கிட்டிருந்தேன். எங்க வீடு ஆமத்தூர் பக்கம். அக்கா வெம்பக்கோட்டை ரோட்டுல ஒரு பட்டாசுக் கம்பெனியில திரி வைக்கிற வேலை. காலையில நாலு மணிக்கு எந்திரிச்சு சோறு பொங்கி, எனக்கும் ஒரு டப்பாவுல அடைச்சு வச்சுட்டு, ஆறரைக்கு வேன் ஏறிடுவா.

எங்க ஊருன்னு சொன்னாலே வெடிச்சுத்தான் செத்தாளான்னு கேக்காக. மஞ்சக்காமாலை. கீழாநெல்லியே போதும்னு பதினஞ்சு நாளு வீட்டுலயே வச்சிருந்தோம். அதுல நானும் ஒருத்தி. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனப்ப கண்ணு, நகம் எல்லாம் மஞ்ச. மூணாம் நாளு, தீவாளி ஆர்டர் லேபிள் ரெண்டு பாக்கி இருக்கு, முடிச்சுக் குடுத்துட்டு மத்தியானம் வந்துடுறேன்னு போனேன். மத்தியானம் அவ இல்ல. பக்கத்துக் கட்டில்ல வேற யாருக்கோ துணைக்கு வந்த ஒரு அம்மாதான் அவ கையப் பிடிச்சுக்கிட்டு இருந்துருக்காக. ஏதாச்சும் சொன்னாளான்னு கேட்டேன். "தண்ணி கேட்டா தாயி, குடுத்தேன்"னாக. அம்புட்டுதான் எனக்குத் தெரியும்.

அக்கா கதை சொல்லுவா. கம்பெனியில ஒரு ரூமுக்கு நாலு பேருதான் உக்காரணும்னு கணக்கு. சாப்பாட்டு நேரத்துல மரத்தடியில வச்சு அந்த மூணு பேருக்கும் தெனம் ஒரு துண்டு சொல்லுவா. மணி அடிச்சா நிப்பாட்டிருவா, வாக்கியம் பாதியில கிடந்தாலும் சரி. சாயந்தரம் வேன் இறங்கி நடக்கையில அதையே எனக்கும் சொல்லுவா.

கதை இதுதான். கம்பெனி வேன்ல தெனம் ஒரு பொம்பளை ஏறுவா. கையில டிபன் பாக்ஸ். வெம்பக்கோட்டைக்கு ரோடு பிரியுற விலக்குல இறங்குவா. சாயந்தரம் அதே விலக்குல ஏறுவா. அவ எங்க வேலை பாக்குறான்னு யாருக்கும் தெரியாது. எந்தக் கம்பெனியில கேட்டாலும் அப்படி ஆளே இல்லம்பாக. ஆனா சனிக்கிழமைக்கு சனிக்கிழமை புருசன் கையில சம்பளம் குடுத்துருவா. அவ எங்க போறா?

ஒம்பது துண்டு சொல்லியிருந்தா. "கடைசித் துண்ட போனஸ் அன்னைக்குச் சொல்றேன்டி"ன்னா. நான் வேலை இல்லாத நேரம் அத சென்டர் கம்ப்யூட்டர்ல அடிச்சு வச்சிருந்தேன். அதப் பாத்துட்டு, "எங்கயாச்சும் வருமாடி, எம் பேரு போட்டு?"ன்னு கேட்டா. "வரும்"னேன். சும்மா சொன்னேன்.

கார்த்திகை மாசம் விருதுநகர்ல இருந்து ஒரு அண்ணாச்சி சென்டருக்கு வந்தாரு. கல்யாண வீடியோ எடுக்குற ஸ்டுடியோ வச்சிருக்கவரு, ஆல்பம் டிசைனுக்கு எங்க சென்டருக்குத்தான் வருவாரு. லோக்கல் கேபிளுக்கு ரெண்டு காமெடி நாடகம் எடுத்து கைய சுட்டுக்கிட்டவரு. அவரு மச்சான் சிங்கப்பூர்ல. அங்கெல்லாம் இப்ப ஆளுக நெட்லயே நாடகம் பாக்காக, வெப் சீரீஸ்னு பேரு, நல்ல கதையா ஒரு பிட்ச் டெக், அதான் காசு போடுறவன் படிச்சுப் பாக்குற ஃபைலு, போட்டுக் காமி, பிடிச்சிருந்தா நானே காசு போடுறேன்னு அந்த மச்சான் சொல்லியிருக்காரு. பொங்கலுக்கு ஊருக்கு வாராராம். அண்ணாச்சி கையில ஒரு காலேஜ் காதல் கதை. மெட்ராஸ்ல இருந்து அவரு கூட்டாளி அனுப்பின மாதிரி டெக் ஒண்ணு பிரிண்ட் எடுத்து வச்சிருந்தாரு. அதப் பாத்து அடிச்சுக் குடுன்னாரு.

ரெண்டு பக்கம் அடிச்சதுமே என்னால வாய வச்சுக்கிட்டு இருக்க முடியல.

"அண்ணாச்சி, இந்தக் கதை நல்லாவே இல்ல."

"ஒன்ன அடிக்கச் சொன்னனா, மார்க் போடச் சொன்னனா?"

"எங்க அக்கா ஒரு கதை சொல்லுவா."

சொன்னேன். ஒம்பது துண்டையும். டீ ஆறிப் போச்சு, அவரு தொடவே இல்ல. முடிச்சதும், "அப்ப அவ எங்கதான் போறா?"ன்னாரு.

"தெரியாது."

"யாருக்குத் தெரியும்?"

"அக்காவுக்கு."

அண்ணாச்சி ஆறுன டீயத் தள்ளி வச்சாரு. அப்புறம் காலேஜ் கதைக் காகிதத்த மடிச்சுப் பைக்குள்ள வச்சாரு.

அப்படித்தான் அந்த டெக் வேலை எனக்கு வந்துச்சு. அக்கா பேரு வந்துரும்னு நெனச்சேன். அது ஒண்ணுதான் நெனச்சேன்.

முதல்ல லாக்லைன். ஒரு பக்கம் எழுதிக் குடுத்தேன். அண்ணாச்சி படிச்சுட்டு, "இது கதைச் சுருக்கம் தாயி. லாக்லைன்னா ஒரு வரி, மிஞ்சிப் போனா ரெண்டு. யாரு, அவளுக்கு என்ன வேணும், எது தடுக்குது. படிச்சவன் அடுத்த பக்கத்தத் திருப்பணும்"னாரு. ஏழு தடவை அழிச்சு அழிச்சு எழுதினேன். கடைசியா நின்னது: 'தெனம் பட்டாசுக் கம்பெனி வேன்ல போற ஒரு பொம்பளை எந்தக் கம்பெனியிலயும் வேலை பாக்கல, அவ எங்க போறான்னு வேனே தேட ஆரம்பிக்குது, அவ யாருக்கும் தெரியாம அத ஒளிச்சு வைக்கப் பாக்குறா.' அடிச்சு முடிச்சதும் அக்கா குரல்ல ஒரு தடவை சொல்லிப் பாத்தேன். குரல் வரல. நாலு மாசத்துலயே குரல் மறக்குது.

டோன் பக்கத்துலதான் பெரிய தப்புப் பண்ணேன். எனக்குத் தெரிஞ்ச டிசைன் லேபிள் டிசைன்தான். மஞ்சப் பின்னணி, சிவப்பு எழுத்து, சுத்திப் பொறி பறக்குற மாதிரி. பெட்டி கடையில எட்டுப் பெட்டிக்கு நடுவுல இருந்து கூப்பிடணும், அதுதான எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது. பதினாலு பக்கமும் அப்படியே போட்டு, அட்டைக்கு ஃபாயில் மாதிரி மினுமினுன்னு எழுத்து வேற.

அண்ணாச்சி ஒவ்வொரு பக்கமாத் திருப்புனாரு.

"என்னத்தா இது, கம்பி மத்தாப்பு பாக்கெட்டா? எங்கன பத்த வைக்க?"

சென்டர்ல எல்லாரும் சிரிச்சாக. நானும் சிரிச்சேன். அப்புறம் அவரே உக்காந்து சொன்னாரு. "படம் எப்படி இருக்கும்னு படிக்கிறவனுக்கு இந்தக் காகிதத்துலயே தெரியணும். ஒங்க அக்கா இதக் கத்திச் சொன்னாளா, மெல்லச் சொன்னாளா?"

"மெல்ல. சோத்தப் பிசஞ்சுக்கிட்டே."

"அதத்தான் எழுது. அதான் டோன்."

எல்லாத்தையும் அழிச்சு வெள்ளைத் தாள்ல போட்டேன். வேன் சன்னலோட போட்டோ ஒண்ணு, தூசி படிஞ்சது. கீழ நாலு வரி: மெதுவாப் போகும், பாட்டு கிடையாது, வேன் சத்தமும் பொம்பளைக பேச்சும்தான், சிரிப்பு வரும் ஆனா சிரிச்சு முடிச்சதும் ஒரு மாதிரி இருக்கும். அண்ணாச்சி தலைய ஆட்டுனாரு.

ஆடியன்ஸ் பக்கத்துல 'எல்லாரும்'னு அடிச்சேன். "எல்லாரும்னா யாருமில்லன்னு அர்த்தம். யாரு பாப்பா, எந்நேரம் பாப்பா, எதுல பாப்பா?"ன்னாரு. யோசிச்சு, 'வேன்ல கம்பெனிக்குப் போற பொம்பளைக'ன்னு அடிச்சேன். அவரு சிரிக்கல. "அவுக வீட்டுல நெட் இருக்கா தாயி?"

அப்பல்லாம் சிவகாசியில பிரவுசிங் சென்டர்லயே ஒரு நிமிச வீடியோவுக்கு அஞ்சு நிமிசம் சுத்திக்கிட்டு நிக்கும். எங்க தெருவுல போன் வச்ச வீடே மூணு. வெளிநாட்டுல இருக்க நம்ம ஆளுக, இருவத்தஞ்சுல இருந்து நாப்பது வயசு, ஆபீஸ் கம்ப்யூட்டர்ல சாப்பாட்டு நேரத்துல பாக்குறவுக, ஊரு நெனப்பு உள்ளவுகன்னு அவரு சொல்லச் சொல்ல அடிச்சேன். வீடியோ போடுற சைட்ல பத்து நிமிசத்துக்கு மேல ஏத்த முடியாதாம், அதனால எபிசோட் எட்டு நிமிசம், மொத்தம் பத்து. எல்லாம் சரிதான். ஆனா கதை யாருக்குச் சொன்னதோ அவுக பேர நானே பேக்ஸ்பேஸ் அடிச்சு அழிச்சேன்.

எபிசோட் அவுட்லைனுக்கு அக்கா ரூம்ல இருந்தவுககிட்ட ஒரு தடவை கேட்டுக்கிடலாம்னு ஞாயித்துக்கிழமை போனேன். ஒரு மதினி இருந்தாக, வாய் ஓயாதவுக. இன்னொரு பிள்ளை சின்னவ. மூணாவது ஆளு ஒரு சித்தி, மக பிரசவத்துக்கு சாத்தூர் போயிருந்தாக.

"அந்தப் பொம்பளை ஏஜெண்டுடி"ன்னாக மதினி. "வேற கம்பெனிக்கு ஆளு பிடிக்கிறவ."

"அதெல்லாம் இல்ல மதினி, ஆறாந் துண்டுலயே அது பொய்யின்னு அக்கா சொன்னாகள்ல?" இது அந்தப் பிள்ளை.

"நீ அன்னைக்கு லீவு. ஒனக்கு நாந்தான் சொன்னேன்."

"அப்ப நீங்கதான் மாத்திச் சொல்லிருக்கீக!"

பக்கத்து ரூம் ஆளுக வேற கதையே வச்சிருந்தாக. ஒரு ரூம்ல அந்தப் பொம்பளை பேயி. இன்னொரு ரூம்ல அவளுக்கு வேன் டிரைவர் மேல ஆசை. அக்கா சொன்னது ஒண்ணு, ரூம் தாண்டித் தாண்டி அது அஞ்சாயிருச்சு. நான் அடிச்சு வச்ச ஒம்பதையே நம்பி எழுதினேன். ஒவ்வொண்ணுக்கும் நாலு வரி: என்ன நடக்குது, எது மாறுது, எங்கன வெட்டுறோம். ஏழாவதுல அவ காதுல கிடக்குறது கவரிங்குன்னு வேன்ல ஒருத்தி கண்டுபிடிப்பா, அதோட வெட்டு. அக்கா மணி அடிச்ச எடத்துல விட்டாள்ல, அந்த எடமெல்லாம் வெட்டுறதுக்குன்னே வச்ச மாதிரி இருக்குன்னு அண்ணாச்சி சொன்னாரு.

பத்தாவதுல, 'அவ எங்க போறா? திரையில் காண்க'ன்னு போட்டேன். சினிமா நோட்டீஸ்ல அப்படித்தான போடுவாக.

"பாக்குறவன்கிட்டத்தான் ஒளிக்கணும்"னாரு அண்ணாச்சி. "காசு போடுறவன்கிட்ட ஒளிக்கக் கூடாது. முடிவு தெரியாம எவனும் பணம் போட மாட்டான். இந்தக் கட்டம் காலியா இருந்தா டெக்கே காலி."

மூணு நாளு அந்தக் கட்டத்தப் பாத்துக்கிட்டே இருந்தேன். நாலாம் நாளு எழுதினேன். அந்தப் பொம்பளை பெரியாஸ்பத்திரிக்குப் போறா. துணைக்கு ஆளில்லாமக் கிடக்குறவுக பக்கத்துல உக்காந்து கையப் பிடிச்சுக்கிட்டு இருக்கா. தண்ணி கேட்டா குடுக்கா. எழுதும்போது கீபோர்டு தெரியல, கண்ணு மறைக்குது. அது அக்கா முடிவு இல்ல, எனக்கு வேண்டிய முடிவுன்னு அப்பவே தெரியும். அண்ணாச்சி படிச்சுட்டுக் கண்ணத் தொடச்சுக்கிட்டாரு. "இதான் தாயி. ஒங்க அக்கா இதத்தான் நெனச்சிருப்பா"ன்னாரு. நான் ஆமான்னேன்.

தமிழ் எழுத்து வேற கம்ப்யூட்டர்ல திறந்தா கட்டம் கட்டமாத் தெரியுது, அதனால மெயில் வேணாம், நல்ல தாள்ல பிரிண்ட் போட்டு ஸ்பைரல் பைண்டிங் பண்ணிக் கையில குடுப்போம்னு முடிவாச்சு. முத பக்கத்துல 'கதை'ன்னு போட்டு அக்கா பேரு. அத மட்டும் நான் ரெண்டு பாயிண்ட் பெருசாப் போட்டேன்.

பொங்கலுக்கு ரெண்டு நாளைக்கு முன்ன அந்த சித்தி சாத்தூர்ல இருந்து வந்துட்டாகன்னு கேள்விப்பட்டுப் போனேன். துக்கம் கேட்டாக. அழுதோம். அப்புறம் நான் பெருமையா டெக் விசயத்தச் சொல்லி, கடைசி முடிவையும் சொன்னேன்.

சித்தி என்னையே பாத்தாக. "இது யாரு சொன்னது?"

"ஏன் சித்தி?"

"அவ இப்படிச் சொல்லலயே. எங்கிட்ட முடிவச் சொல்லியிருக்காளே. நான் சாத்தூர் போக லீவு கேட்ட அன்னைக்கு, 'நீங்க போனஸ் அன்னைக்கு இருக்க மாட்டீக சித்தி, கேட்டுட்டுப் போங்க'ன்னு சொன்னா."

"சொல்லுங்க சித்தி"ன்னேன்.

"அவ எங்கயும் போகலத்தா. விலக்குல இறங்கி கம்மாக்கரை வேம்படிக்குப் போவா. உக்காருவா. ஒம்பது மணிக்கு டப்பாவத் திறந்து சோறு சூடா இருக்கும்போதே திம்பா. படுப்பா. சாயந்தரம் எந்திரிச்சு வேன் ஏறுவா. அம்புட்டுதான். ஆத்தா போட்ட கம்மல வித்து அதத்தான் சம்பளம்னு புருசன்கிட்டக் குடுக்கா. கம்மல் காசு தீந்த அன்னைக்கு விலக்குல இறங்காம கம்பெனியிலயே போயி இறங்கி வேலை கேப்பா. முடிஞ்சுச்சு."

சித்தி சிரிச்சுக்கிட்டே சொன்னாக. "காசு குடுத்து லீவு வாங்குறா பாத்தியா, கழுதை."

நான் சிரிக்கல. பதினோரு வருசம் அக்கா நாலு மணிக்குப் பொங்கி மத்தியானம் ஆறுன சோறு தின்னவ. எனக்கு அது ஒரு நாளும் தோணல. அவ பொங்குன சோத்த நான் எட்டு மணிக்கு சூடாத் தின்னுட்டுத்தான் வேலைக்குப் போவேன்.

அண்ணாச்சிகிட்டச் சொல்லியிருக்கணும். சொன்னா வேணாம்பாருன்னு தெரியும். ரெண்டு முடிவையும் வைக்கலாமான்னு முன்னாடி ஒருக்கா பேச்சுவாக்குல கேட்டதுக்கு, "ரெண்டு வச்சா கதையே தெரியாதவன்னு நெனப்பான்"னாரு. அதனால சொல்லல. மறுநாளு சென்டர்ல பத்தாவது எபிசோட் பக்கத்த மட்டும் மாத்தி அடிச்சு, மூணு காப்பியிலயும் பைண்டிங்கக் கழட்டி மாட்டி வச்சேன். அண்ணாச்சி வந்து பையில போட்டுக்கிட்டாரு. திறந்து பாக்கல. என்னை நம்புனாரு.

மாட்டுப்பொங்கலுக்கு மறுநாளு காலையில ஸ்டுடியோ மாடியில உக்காந்தோம். சிங்கப்பூர்க்காரரு நல்ல மனுசன்தான். லாக்லைனப் படிச்சுட்டு, "அடேயப்பா"ன்னாரு. டோன் பக்கத்துல ரொம்ப நேரம் நின்னாரு. ஒவ்வொரு எபிசோடா வாய்விட்டுப் படிச்சாரு. ஏழாவதுல கவரிங் வந்ததும் தொடையத் தட்டுனாரு. அண்ணாச்சி என்னையப் பாத்துக் கண்ணச் சிமிட்டுனாரு. பத்தாவதுக்கு வந்தாரு. படிச்சாரு. பக்கத்தத் திருப்புனாரு. அடுத்தது ஆடியன்ஸ் பக்கம். திரும்பப் பின்னாடி வந்தாரு.

"அப்புறம்?"

"அம்புட்டுதான்"னேன்.

"சும்மா உக்காந்துருக்காளா?"

"ஆமா."

"பத்து எபிசோட் தேட விட்டுட்டு, சும்மா உக்காந்து சோறு திங்கான்னா பாக்குறவன் திட்ட மாட்டானா? புருசன ஏமாத்திட்டுத் தூங்குறா. இவ மேல எப்படிம்மா இரக்கம் வரும்?"

அண்ணாச்சி அவரு கையில இருந்து காப்பிய வாங்கிப் பாத்தாரு. மொகம் சுருங்கிப் போச்சு. "மாப்ள, பக்கம் மாறிருச்சு. முடிவு வேற இருக்கு, ஆஸ்பத்திரி..."ன்னு ஆரம்பிச்சு என்னையப் பாத்தாரு. நீயே சொல்லுன்ற மாதிரி. அப்பக்கூட நான் வாயத் திறந்திருந்தா போதும். ஆஸ்பத்திரி முடிவு ஒரு நிமிசக் கதை. அவரும் அழுதுருப்பாரு.

"இதான் எங்க அக்கா சொன்னது"ன்னேன்.

சிங்கப்பூர்க்காரரு டெக்க மூடி டீபாய் மேல வச்சாரு. அது மேல டீ கிளாஸ வச்சாரு. யோசிச்சுச் சொல்றேன்னாரு. சொல்லல.

கீழ இறங்கையில அண்ணாச்சி, "முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல தாயி"ன்னாரு. அம்புட்டுதான் பேசுனாரு. அதுக்கப்புறம் அவரு கல்யாண ஆல்பம் டிசைன எங்க சென்டருக்குக் கொண்டு வரவே இல்ல. அவருக்கு நான் பண்ணது துரோகம்தான். அத வேற பேரு வச்சு எழுத எனக்கு வரல.

அக்கா எங்கிட்ட முடிவக் காப்பாத்துன்னு கேக்கல. பேரு வருமான்னுதான் கேட்டா. நான் முடிவ வச்சுக்கிட்டுப் பேர விட்டுட்டேன். ஆஸ்பத்திரி முடிவையே வச்சிருந்தா ஏதோ ஒரு ஊர்ல எவனாச்சும் சாப்பாட்டு நேரத்துல அவ பேரப் படிச்சிருப்பான். அவ கோவிச்சிருப்பாளா, சரிதான்டின்னு இருந்திருப்பாளா, தெரியல. யாருகிட்டக் கேக்க? டீ வட்டம் விழுந்த அந்தக் காப்பி எங்கிட்டத்தான் கிடக்கு.

போனஸும் அக்காவும் போன பெறகு, மாசில ஒரு நாளு சித்தி மரத்தடியில வச்சு எல்லாருக்கும் முடிவச் சொல்லிட்டாக. "இம்புட்டுதானா? இதுக்கா நான் இத்தன மாசம் ஏஜெண்டு, பேயின்னு மண்டையப் போட்டு ஒடச்சேன்?"னு மதினி ஒரே சத்தமாம். அந்தப் பேயி ரூம்காரவுக நம்பவே இல்லையாம்.

மறுநாளு காலையில ஒம்பது மணிக்கு, வேலை நடந்துக்கிட்டிருக்கும்போதே மதினி எந்திரிச்சு வெளிய போயி, மரத்தடியில உக்காந்து டப்பாவத் திறந்துருக்காக. போர்மேன் வந்து, "என்னம்மா, வீட்டுல நெனப்பா?"ன்னு ஏசியிருக்காரு. நாலு வாய்தான் தின்னாகளாம். மூடி வச்சுட்டு வந்து உக்காந்து திரி வைக்க ஆரம்பிச்சாகளாம். அன்னைக்கு பூரா ஒரு வார்த்தை பேசலயாம்.